சும்மா இருக்கும் டிரான்ஸ்பார்மர் ஏன் சுடுகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் இரண்டை இங்கே எடுத்துக் கொள்கிறேன். முதல் கேள்வி: "ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுத்தான் படுத்தேன். காலையில் தொட்டுப் பார்த்தால் பெட்டியின் பின்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கிறதே, ஏன்?" இரண்டாவது கேள்வி: "12 வோல்ட் என்று அச்சிட்ட டிரான்ஸ்பார்மரை மல்டிமீட்டரில் பார்த்தால் 13.5 வோல்ட் காட்டுகிறது. கடைக்காரர் தவறான சரக்கைக் கொடுத்துவிட்டாரா?"

இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் பதில் ஒரே படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தின் பெயர் ஈக்விவலன்ட் சர்க்யூட். தமிழில் சமான மின்சுற்று என்பார்கள். பாலிடெக்னிக் மாணவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் படம்தான் இது. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கும் இது பயன்படும். ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கொண்டு உட்காருங்கள்.

முதலில், டிரான்ஸ்பார்மர் உங்கள் மேசையில் எங்கே இருக்கிறது? பழைய பாணி சப்-ஊஃபர் பெட்டிக்குள் இருக்கும். யு.பி.எஸ்.-க்குள் இருக்கும். ஸ்டெபிலைசருக்குள் இருக்கும். அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும் கறுப்பு அடாப்டர்களுக்குள்ளும் இருக்கும். எடையை வைத்தே கண்டுபிடித்து விடலாம். கையில் எடுத்தால் கல் மாதிரி கனத்து, காதருகே வைத்தால் மெல்லிய 'ம்ம்ம்' என்ற ஒலி வந்தால், உள்ளே இரும்புத் தகடுகளால் ஆன டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் இங்கே உதாரணமாக எடுத்துக் கொள்வது 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். அதாவது 60 வி.ஏ. வகை. நடுத்தர சப்-ஊஃபர் பெட்டிகளில் இருப்பது ஏறக்குறைய இந்த அளவுதான்.

குறையே இல்லாத டிரான்ஸ்பார்மர்

இரும்புத் தகடுகளை அடுக்கிய சட்டம் ஒன்று. இதுதான் கோர். அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியை நிறையச் சுற்றுகள் சுற்றினால் அது பிரைமரி. தடித்த கம்பியைக் குறைந்த சுற்றுகள் சுற்றினால் அது செகண்டரி. பிரைமரியில் 230 வோல்ட் கொடுத்தால் கோரில் காந்தப்புலம் உண்டாகும். அது ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறும். அந்த மாற்றம் செகண்டரியில் மின்சாரத்தை உண்டாக்கும். நம் உதாரணத்தில் பிரைமரியில் 17 சுற்றுகள் இருந்தால் செகண்டரியில் 1 சுற்று என்ற விகிதம். 230-ஐ 17-ஆல் வகுத்தால் 13.5 வருகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இழப்பே இல்லாத டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தால், செகண்டரியில் எதையும் இணைக்காதபோது பிரைமரியில் ஒரு வாட் கூடச் செலவாகாது. சூடும் ஆகாது. அப்படி ஒன்று உலகில் இல்லை. ஆனால் படம் வரைவதற்கு அதுதான் வசதி. எனவே பேப்பரின் வலது பக்கம் குறையே இல்லாத ஒரு டிரான்ஸ்பார்மரை வரையுங்கள். நிஜ டிரான்ஸ்பார்மரின் குறைகளையெல்லாம் தனித்தனி உதிரிப் பாகங்களாக அதற்கு இடது பக்கம் வரையப் போகிறோம். ஈக்விவலன்ட் சர்க்யூட் என்பது இவ்வளவுதான். டிரான்ஸ்பார்மரைப் பிரித்தால் இந்தப் பாகங்கள் உள்ளே கிடைக்காது. ஆனால் வெளியிலிருந்து மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு, அவை உள்ளே இருப்பது போலத்தான் அது நடந்து கொள்ளும்.

இரும்பு தின்னும் மின்சாரம்

கோரில் இரண்டு விதமாக மின்சாரம் வீணாகிறது. இரும்பைக் காந்தமாக்கி, உடனே எதிர்த் திசையில் காந்தமாக்கி, மறுபடி திருப்பி என்று நொடிக்கு 50 முறை புரட்டிக் கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு முறை புரளும்போதும் இரும்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு சூடாக மாறுகிறது. இதற்கு ஹிஸ்டெரிசிஸ் இழப்பு என்று பெயர். இதைக் கணக்கிட ஒரு சூத்திரத்தை ஸ்டைன்மெட்ஸ் என்ற பொறியாளர் 1892-ல் வெளியிட்டார். இன்றும் அதன் பெயர் அவர் பெயர்தான்.

இரண்டாவது, எடி கரண்ட். மாறும் காந்தப்புலம் செகண்டரியில் மட்டும் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. இரும்பும் மின்சாரம் கடத்தும் பொருள்தானே! அதற்குள்ளும் சுழல் சுழலாக மின்னோட்டம் ஓடும், சூடாக்கும். இதைக் குறைக்கத்தான் கோரை ஒரே கட்டியாக வார்க்காமல், மெல்லிய தகடுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் மின்கடத்தாப் பூச்சு பூசி அடுக்குகிறார்கள். தகடுகள் தளர்ந்து ஆடினால் ஒலி அதிகமாகும் என்பது வேறு விஷயம்.

இப்போது படத்துக்கு வருவோம். இந்த இரண்டு இழப்பையும் சேர்த்து ஒரே ஒரு ரெசிஸ்டராக வரையலாம். அதை எங்கே வரைவது? இதுதான் முக்கியம். கோரில் காந்தப்புலம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிரைமரிக்குக் கொடுக்கும் வோல்டேஜ். செகண்டரியில் நீங்கள் ஒரு பல்பைப் போட்டாலும் பத்து பல்பைப் போட்டாலும் காந்தப்புலம் ஏறக்குறைய மாறாது. எனவே இந்த ரெசிஸ்டர் 230 வோல்ட்டின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே, பேரலலாக நிற்க வேண்டும். பிளக்கைச் செருகிய நொடியிலிருந்து அதில் மின்சாரம் ஓடிக் கொண்டே இருக்கும். லோடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

அதன் பக்கத்திலேயே, அதற்கும் பேரலலாக, ஒரு காயில் வரையுங்கள். காந்தப்புலத்தை உண்டாக்கத் தேவைப்படும் கரண்ட் இந்தக் காயில் வழியாகப் போகிறது. இது மின்சாரத்தைத் தின்பதில்லை. வாங்கிக் கொண்டு, அடுத்த கால் சுழற்சியில் திருப்பிக் கொடுத்துவிடும்.

என் மேசையில் இருந்த டிரான்ஸ்பார்மரின் அளவுகளைச் சொல்கிறேன். செகண்டரியைத் திறந்து வைத்துவிட்டு 230 வோல்ட் கொடுத்தேன். பிரைமரியில் 50 மில்லி ஆம்பியர் ஓடியது. வாட் மீட்டர் 4 வாட் காட்டியது. இதற்கு ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட் என்று பெயர்.

கணக்குப் பிள்ளைகள் இங்கே நிறுத்துவார்கள். 230-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 11.5 அல்லவா வருகிறது, வாட் மீட்டர் ஏன் 4 என்கிறது? அந்த 50 மில்லி ஆம்பியரில் பெரும் பகுதி காயில் வழியாகப் போய்த் திரும்பி வரும் கரண்ட். அது வாட் கணக்கில் சேராது, வீட்டு மின் மீட்டரிலும் யூனிட்டாக ஏறாது. ரெசிஸ்டர் வழியே போவது 4-ஐ 230-ஆல் வகுத்தால் கிடைக்கும் சுமார் 17 மில்லி ஆம்பியர் மட்டுமே. காயில் வழியே போவது சுமார் 47. இரண்டையும் நேராகக் கூட்டினால் 64 வரும், 50 வராது. காரணம் இரண்டு கரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல அவற்றைக் கூட்ட வேண்டும்.

ரெசிஸ்டரின் மதிப்பு 230 × 230 ÷ 4, அதாவது 13,225 ஓம்ஸ். காயிலின் மதிப்பு 230 ÷ 0.047, சுமார் 4,900 ஓம்ஸ். இரண்டையும் படத்தில் எழுதிக் கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பல ஸ்பீக்கர் பெட்டிகளில் முன்பக்க பட்டன் செகண்டரிக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிபயரை மட்டுமே நிறுத்துகிறது. பிரைமரி 230 வோல்ட்டில் தொங்கிக் கொண்டேதான் இருக்கிறது. 13,225 ஓம்ஸ் ரெசிஸ்டர் இரவெல்லாம் 4 வாட் தின்று வெதுவெதுப்பாகிறது. வருடம் முழுவதும் இப்படி விட்டால் 4 × 24 × 365, சுமார் 35 யூனிட். உங்கள் பெட்டி எந்த ரகம் என்று தெரிய வேண்டுமா? பட்டனை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சுவர் சுவிட்சைத்தான் அணைக்க வேண்டும்.

செம்பு தின்னும் மின்சாரம்

அடுத்தது சுலபமானது. செம்புக் கம்பிக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை பிளக்கின் இரு முனைகளில் வைத்தேன். 49 ஓம்ஸ் காட்டியது. அது பிரைமரி. செகண்டரியை மல்டிமீட்டரால் அளக்க முடியாது. மீட்டரின் ஒயருக்கே அதைவிட அதிக மின்தடை இருக்கும். 1 ஆம்பியர் டி.சி. கரண்டை அதில் ஓட விட்டு முனைகளில் வோல்டேஜ் பார்த்தேன். 0.13 வோல்ட். அப்படியானால் 0.13 ஓம்ஸ்.

இந்த மின்தடைகளைப் படத்தில் எங்கே வரைவது? லோடு எடுக்கும் கரண்ட் முழுவதும் இந்தக் கம்பிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே இவை குறுக்கே நிற்கக் கூடாது, பாதையிலேயே, சீரிஸாக நிற்க வேண்டும். கோர் இழப்பு வோல்டேஜைப் பார்க்கிறது, காப்பர் இழப்பு கரண்டைப் பார்க்கிறது. அதனால்தான் ஒன்று பேரலல், மற்றது சீரிஸ்.

இரண்டு மின்தடைகள் இரண்டு பக்கத்தில் இருப்பது கணக்குக்குத் தொல்லை. செகண்டரியின் 0.13 ஓம்ஸை பிரைமரி பக்கம் மாற்றி எழுதலாம். பிரைமரியிலிருந்து பார்த்தால் அதே வேலைக்கு வோல்டேஜ் 17 மடங்கு அதிகம், கரண்ட் 17 மடங்கு குறைவு. எனவே மின்தடை 17 × 17, அதாவது 289 மடங்காகத் தெரியும். 0.13-ஐ 289-ஆல் பெருக்கினால் 37.6 ஓம்ஸ். அதோடு 49-ஐக் கூட்டினால் 86.6 ஓம்ஸ். இடது பக்கத்து இரண்டு குறுக்குப் பாகங்களுக்கும் குறையில்லாத டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே, பாதையில் 86.6 ஓம்ஸ் என்று எழுதிவிடுங்கள்.

முழு லோடில் செகண்டரி 5 ஆம்பியர் கொடுக்கும்போது, பிரைமரியில் 5 ÷ 17, அதாவது 0.294 ஆம்பியர் கூடுதலாக ஓடும். 0.294 × 0.294 × 86.6 என்று பெருக்கினால் 7.5 வாட். இதுதான் முழு லோடில் காப்பர் இழப்பு.

இதை நேராக அளக்கவும் வழி இருக்கிறது. செகண்டரியின் இரு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, பிரைமரிக்கு 0 வோல்ட்டிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றிக் கொண்டு போக வேண்டும். டிம்மர்ஸ்டாட் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. நேராக 230 வோல்ட்டில் செருகினால் கம்பி எரிந்துவிடும். என்னுடையதில் 26 வோல்ட்டிலேயே 0.294 ஆம்பியர் வந்துவிட்டது, வாட் மீட்டரில் 7.5 வாட். இது ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட். இதில் கோர் இழப்பு ஏன் கலக்கவில்லை என்றால், 26 வோல்ட்டில் 13,225 ஓம்ஸ் ரெசிஸ்டர் தின்பது 0.05 வாட் மட்டுமே. அது கணக்கில் வராது. அதே மாதிரி ஓப்பன் சர்க்யூட் டெஸ்டில் 50 மில்லி ஆம்பியர் பிரைமரிக் கம்பியில் உண்டாக்கிய இழப்பு 0.12 வாட். அதையும் விட்டுவிடலாம். ஒரு டெஸ்ட் ஒரு இழப்பை மட்டும் தனியாகக் காட்டுகிறது என்பது எனக்கு இன்னமும் அழகாகத் தோன்றும் விஷயம்.

26 வோல்ட்டை 0.294-ஆல் வகுத்தால் 88 ஓம்ஸுக்குச் சற்று அதிகமாக வருகிறதே, 86.6 அல்லவா என்று கேட்பீர்கள். பிரைமரியில் பிறக்கும் காந்தக் கோடுகளில் சில செகண்டரியைத் தொடாமல் காற்றிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். அதன் விளைவு சீரிஸில் நிற்கும் ஒரு சின்னக் காயில், சுமார் 18 ஓம்ஸ். இதையும் முக்கோணக் கணக்கில்தான் கூட்ட வேண்டும். இது வாட் தின்னாது. இத்தனை சிறிய டிரான்ஸ்பார்மரில் இதை நாம் மறந்துவிடலாம். தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில் மறக்க முடியாது, அங்கே இந்தக் காயில்தான் பெரியது.

13.5 வோல்ட் எங்கே போனது?

படம் முழுமையாகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு வருவோம். லோடு இல்லாதபோது 86.6 ஓம்ஸில் கரண்ட் இல்லை, எனவே வோல்டேஜ் விழாது. செகண்டரியில் முழு 13.5 வோல்ட் தெரியும். 5 ஆம்பியர் எடுத்தால் 86.6 ஓம்ஸில் 0.294 × 86.6, அதாவது 25.5 வோல்ட் விழுகிறது. செகண்டரிப் பக்கம் அது 17-ல் ஒரு பங்கு, 1.5 வோல்ட். 13.5-ல் 1.5 போனால் 12. கடைக்காரர் ஏமாற்றவில்லை. பெட்டியில் அச்சிட்டிருப்பது முழு லோடில் கிடைக்கும் வோல்டேஜ். இந்த வீழ்ச்சியைத் தெரிந்து கொண்டே தயாரிப்பாளர் சில சுற்றுகள் அதிகமாகச் சுற்றியிருக்கிறார்.

இரண்டு இழப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழு லோடில் 60 வாட் கிடைக்க 71.5 வாட் செலவாகிறது, சுமார் 84 சதவீதம் பயன். பாதி லோடில் காப்பர் இழப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிறது, 1.9 வாட். கோர் இழப்பு அதே 4 வாட். மெல்லிய சத்தத்தில் பாட்டுக் கேட்பது போல அரை ஆம்பியர் மட்டும் எடுத்தால் காப்பர் இழப்பு 0.1 வாட்டுக்கும் குறைவு, கோர் இழப்பு அப்போதும் 4 வாட். கிடைப்பது 6.7 வாட், செலவாவது சுமார் 10.8. இரண்டு இழப்பும் சமமாகும் இடம் சுமார் 3.65 ஆம்பியர், அங்கேதான் பயன் உச்சம். எப்போதும் செருகியே கிடக்கும் டிரான்ஸ்பார்மருக்குக் கோர் இழப்பு குறைவாக இருப்பதுதான் லாபம் என்பது இதிலிருந்தே தெரியும். கனமான பழைய அடாப்டர்கள் சந்தையிலிருந்து மெல்ல மறைந்ததற்கும் இது ஒரு காரணம். சும்மா செருகியிருக்கும் அடாப்டர் எவ்வளவு வாட் தின்னலாம் என்று ஐரோப்பிய யூனியன் 2009-ல் வரம்பு விதித்தபோது, இரும்பு கோர் வைத்தவை அதற்குள் அடங்குவது கடினமாயிற்று.

எப்போது எரியும்?

டிரான்ஸ்பார்மர் எரிந்து போனால் எந்தப் பாகத்தின் குற்றம் என்று படத்தை வைத்துத் தேடலாம். நான் பார்த்தவற்றில் மூன்று வகைகள் அதிகம்.

முதலாவது, வோல்டேஜ் கூடுதல். இரவில் மின்சாரம் 260 வோல்ட்டுக்கு ஏறும் பகுதிகள் உண்டு. அப்போது கோர் இழப்பு 4 வாட்டிலிருந்து 5 வாட்டைத் தாண்டும். அது பெரிதல்ல. ஆபத்து பக்கத்திலிருக்கும் காயிலில் இருக்கிறது. 4,900 ஓம்ஸ் என்று எழுதினோமே, அது நிலையான எண் அல்ல. இரும்பு தாங்கக்கூடிய காந்தத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதை நெருங்கினால் இந்த எண் சடசடவென்று சரியும், கரண்ட் பல மடங்கு ஏறும், அந்தக் கரண்ட் பிரைமரிக் கம்பியைச் சுட வைக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வந்த 120 வோல்ட் அடாப்டரை நம் பிளக்கில் செருகினால் புகை வருவது இதனால்தான். லோடு எதுவும் மாட்டாமலே எரிந்துவிடும்.

இரண்டாவது, கரண்ட் கூடுதல், அதுவும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல். ஆம்ப்ளிபயருக்கு டி.சி. வேண்டும். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நான்கு டயோடும் ஒரு பெரிய கெபாசிடரும் இருக்கும். கெபாசிடர் தொடர்ந்து கரண்ட் எடுப்பதில்லை, வோல்டேஜ் உச்சத்துக்கு வரும்போது மட்டும் ஒரே மூச்சில் இழுக்கிறது. சராசரி குறைவாக இருந்தாலும் வர்க்கம் போட்டுப் பார்த்தால் காப்பர் இழப்பு மிக அதிகம். அதனால் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரிலிருந்து டி.சி.யாக 3 ஆம்பியர் அளவுக்குத்தான் தொடர்ந்து எடுக்கலாம். வீட்டில் ஆம்ப்ளிபயர் கட்டுபவர்கள் 5 என்று அச்சிட்டிருப்பதை நம்பி 5 எடுத்தால், எட்டாத மூலையில் செம்பு வெந்து கொண்டிருக்கும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. செம்பு 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் மின்தடை கால் பங்கு அளவுக்கு உயரும், இழப்பு மேலும் கூடும். பெட்டியின் காற்றுத் துளைகளைத் துணி போட்டு மூடாதீர்கள்.

மூன்றாவது, சுற்றுக்குச் சுற்று ஷார்ட். கம்பியின் மேலுள்ள பூச்சு வெந்து, பக்கத்துச் சுற்றுகள் ஒட்டிக் கொள்ளும். மல்டிமீட்டரில் பார்த்தால் 49 ஓம்ஸ் என்பது 48 ஆகியிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒட்டிய சுற்று, முனைகள் முறுக்கிய தனி செகண்டரி போல நடந்து கொள்ளும். லோடு எதுவும் இல்லாமலே வாட் மீட்டர் 4-க்குப் பதிலாக 15, 20 என்று காட்டும். செகண்டரியைக் கழற்றி வைத்த பிறகும் அரை மணியில் கை வைக்க முடியாதபடி சுட்டால், அந்த டிரான்ஸ்பார்மரை மாற்றுவதுதான் வழி.

இவற்றில் எதுவானாலும், பிரைமரி முற்றிலும் அறுந்ததாக மீட்டர் காட்டினால் சில டிரான்ஸ்பார்மர்களில் அது கம்பி அறுந்ததல்ல. சுற்றுகளுக்கு நடுவே புதைத்து வைத்த வெப்ப பியூஸ் போயிருக்கும். அதை ஒயர் போட்டு ஒட்டிக் கொடுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. ஒப்புக் கொள்ளாதீர்கள். அது போனதற்குக் காரணம் மேலே சொன்னவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும், அடுத்த முறை தடுக்க எதுவும் இருக்காது.

கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.-ஸிலும் டிரான்ஸ்பார்மர் உண்டு, ஆனால் தீப்பெட்டி அளவில். அங்கே நொடிக்குப் பல்லாயிரம் முறை காந்தம் புரள்வதால் இரும்புத் தகடு தாங்காது, பெர்ரைட் என்ற கறுப்புப் பீங்கான் போன்ற பொருளில் கோர் செய்கிறார்கள். நீங்கள் வரைந்து வைத்திருக்கும் அதே படம்தான் அதற்கும், எண்கள் மட்டும் வேறு. யு.பி.எஸ். பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல யு.பி.எஸ்.-களில் பேட்டரியை சார்ஜ் செய்ய அதன் பெரிய டிரான்ஸ்பார்மர் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அது வெதுவெதுப்பாக இருந்தால் பழுது அல்ல, கோர் இழப்பு. கை வைக்க முடியாதபடி கொதித்தால் மட்டும் சர்வீஸுக்குக் கொடுங்கள்.